ஒரு கணக்குக்கு ஒரே ஒரு தவறான முயற்சி: பாஸ்வேர்டு ஸ்ப்ரேயை லாக்கில் எப்படிப் பிடிப்பது?

நெல்லை அட்மின் | 14 ஜூலை 2025, இரவு 9.40

எங்களிடம் மைக்ரோசாஃப்ட் என்ட்ரா, சைன்-இன் லாக் எல்லாம் சென்டினலுக்குப் போகிறது. இரண்டு ரூல் வைத்திருக்கிறேன். ஒரே ஐபியிலிருந்து பத்துக் கணக்குக்கு மேல் தோற்றால் அலர்ட். ஒரே கணக்கில் ஐந்து முறைக்கு மேல் தோற்றால் அலர்ட். பாஸ்வேர்டு ஸ்ப்ரே என்றால் ஒரே பாஸ்வேர்டை நிறையக் கணக்கில் தட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு முயற்சி, அதுவும் ஒவ்வொன்றும் வேறு ஐபியிலிருந்து வந்தால் இரண்டுமே வாய் திறக்காது. அப்படி ஒரு தாக்குதலை லாக்கில் பார்க்கவே முடியாது என்பது என் முடிவு. தப்பு என்றால் சொல்லுங்கள்.

---

கோவை லாக் | 14 ஜூலை, இரவு 10.55

பார்க்க முடியும். போன வருடம் நான் பார்த்துக்கொள்ளும் ஒரு நிறுவனத்தில் ஒன்பது நாள் இது நடந்தது. எனக்குத் தெரிந்தது ஏழாவது நாள். அந்த ஏழு நாளும் என் டாஷ்போர்டு பச்சையாகத்தான் இருந்தது.

உங்கள் இரண்டு ரூலும் எதை எண்ணுகின்றன என்று பாருங்கள். ஒன்று ஐபியை எண்ணுகிறது, இன்னொன்று கணக்கை எண்ணுகிறது. தாக்குகிறவன் இந்த இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறான். என்ட்ராவின் ஸ்மார்ட் லாக்அவுட் இயல்பாகப் பத்துத் தவறுக்குப் பிறகுதான் பூட்டும் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் முழு நிறுவனத்தையும் ஒரே கணக்காக வைத்து எண்ணினால் அவனால் ஒளிய முடியாது. ஆயிரம் கதவைத் தட்டினால் ஆயிரம் வரி லாக்கில் விழத்தான் வேண்டும்.

எங்களிடம் சுமார் 1,400 கணக்குகள். ஒரு சாதாரண நாளில் 50126, அதாவது பாஸ்வேர்டு தவறு, 110 முறை வரும். திங்கட்கிழமை என்றால் 220 வரை போகும், வாரக்கடைசியில் மறந்துவிட்டு வருவார்கள். தாக்குதல் நாட்களில் 255 வந்தது. திங்கட்கிழமையைவிடக் கொஞ்சம்தான் அதிகம், அதனால் மொத்த எண்ணிக்கையைப் பார்த்தவர்கள்கூட அசரவில்லை. வித்தியாசம் தெரிந்தது எங்கே என்றால், அந்தத் தோல்விக்குப் பிறகு என்ன நடந்தது என்பதில்.

நம் ஆள் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தால் அடுத்த நிமிடம் திரும்ப அடிப்பார். இரண்டாவதிலோ மூன்றாவதிலோ உள்ளே போய்விடுவார், அதே ஐபியிலிருந்து. தாக்குகிறவன் ஒரு முறை தட்டிவிட்டுப் போய்விடுகிறான். அந்த ஐபியிலிருந்து அந்தக் கணக்குக்கு வெற்றி என்று ஒன்று வருவதே இல்லை. இதை நான் துணையில்லாத் தோல்வி என்று கூப்பிடுகிறேன். எங்களிடம் சாதாரண நாளில் அது 12 முதல் 15 வரை. அந்த ஒன்பது நாளும் 155 பக்கம் நின்றது. பத்து மடங்கு.

```
let good = SigninLogs
| where TimeGenerated > ago(7d) and ResultType == "0"
| distinct UserId, IPAddress;
SigninLogs
| where TimeGenerated > ago(7d) and ResultType == "50126"
| join kind=leftanti good on UserId, IPAddress
| summarize Tries=count(), Users=dcount(UserId),
    IPs=dcount(IPAddress) by bin(TimeGenerated, 1h)
```

இதை ஓட்டி ஒரு கோட்டு வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். முதலில் இந்திய நேரப்படி இரவு 2 மணி முதல் 4 மணி வரை உள்ள பகுதியைப் பாருங்கள். மனிதர்கள் தூங்கும் நேரத்தில் எங்களுக்குத் துணையில்லாத் தோல்வி பூஜ்ஜியம் அல்லது ஒன்று. அந்த நாட்களில் அந்த இரண்டு மணி நேரத்தில் 12. பகலிலும் மணிக்கு ஆறு, இரவிலும் மணிக்கு ஆறு.

---

மூணாவது மாடி | 15 ஜூலை, காலை 8.15

இவ்வளவு எதற்கு? எல்லோருக்கும் எம்எஃப்ஏ போட்டுவிட்டு, இந்தியாவுக்கு வெளியிலிருந்து வரும் சைன்-இன்னைக் கண்டிஷனல் ஆக்சஸில் பிளாக் செய்தால் முடிந்தது. பாஸ்வேர்டு தெரிந்தாலும் உள்ளே வர முடியாது. லாக்கைத் தோண்டுவது நேர விரயம்.

---

கோவை லாக் | 15 ஜூலை, காலை 9.02

எம்எஃப்ஏ பற்றிச் சொன்னதில் பாதி சரி. அது இல்லாவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, முதல் நாளே போயிருக்கும். ஆனால் கண்டிஷனல் ஆக்சஸ் எப்போது வேலை செய்கிறது என்று பாருங்கள். முதலில் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும், அது சரியாக இருந்தால்தான் இடம், சாதனம் எல்லாம் பார்க்கும். அதனால் பாஸ்வேர்டு தவறானால் 50126 வரும், சரியாக இருந்து உங்கள் நாட்டுத் தடை நிறுத்தினால் 53003 வரும். அந்த எண் தட்டியவனுக்கும் திரும்பிப் போகிறது. பாஸ்வேர்டு சரி என்று அவன் தெரிந்துகொண்டு போய்விடுகிறான். அதை வைத்து விபிஎன்னையோ வேறொரு தளத்தையோ தட்டிப் பார்ப்பான்.

இந்தியத் தடை எனக்கு உதவவில்லை. வந்த ஐபிகளில் கணிசமானவை இந்திய வீட்டு இணைப்புகள். ஏதோ ஒரு வீட்டு ரௌட்டர் வழியாக வந்தால் நாடு சரியாகத்தான் இருக்கும்.

---

பள்ளி ஐடி | 15 ஜூலை, மதியம் 1.20

எங்கள் பள்ளியிலும் இதே தொல்லை சார். ஒரு ஆசிரியையின் கணக்கு மட்டும் தினமும் பூட்டிக்கொள்கிறது. லாக்கில் 50126, அப்புறம் 50053, ஒரு மணி நேரத்தில் முப்பது, நாற்பது தடவை. பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தும் நிற்கவில்லை. நீங்கள் சொல்லும் ஸ்ப்ரேதானே இது?

---

கோவை லாக் | 15 ஜூலை, மதியம் 1.45

இல்லைங்க, இது நேர் எதிர்ப்பக்கம். ஒரு கணக்குக்கு நிறைய முயற்சி. ஸ்ப்ரேயில் நிறையக் கணக்குக்கு ஒரு முயற்சி. உங்களுடையதில் அந்த வரியைத் திறந்து ஐபியையும் கிளையன்ட் ஆப்பையும் பாருங்கள். ஐபி பள்ளியுடையதாகவோ அந்த அம்மாவின் வீட்டுடையதாகவோ இருந்தால் பழைய பாஸ்வேர்டு எங்கோ சேமித்துக் கிடக்கிறது. பழைய போன் ஒன்று வீட்டில் பிள்ளைகள் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

---

பள்ளி ஐடி | 15 ஜூலை, மாலை 6.30

டேப்லெட். அவர் மகன் கையில் இருக்கிறது. மெயில் ஆப்பில் பழைய பாஸ்வேர்டு. அழித்துவிட்டோம்.

---

இரவுப்பணி | 15 ஜூலை, இரவு 11.50

ஷிப்டில் இருக்கிறேன், நடுவில் எழுதுகிறேன்.

கோவை அண்ணா, உங்கள் யோசனை சரி, குவெரியில் ஒரு ஓட்டை இருக்கிறது. வெற்றி பெற்ற கணக்கையும் ஐபியையும் கழித்துவிடுகிறீர்கள். தாக்குகிறவன் ஒரு ஐபியிலிருந்து முதல் முயற்சியில் தோற்று, இரண்டு நாள் கழித்து அதே ஐபியிலிருந்து சரியான பாஸ்வேர்டோடு உள்ளே போனால்? அவனுடைய வெற்றியே அவனுடைய தோல்வியை உங்கள் பட்டியலிலிருந்து அழித்துவிடும். எந்தக் கணக்கை முதலில் பார்க்க வேண்டுமோ அதுதான் காணாமல் போகும். வெற்றிப் பட்டியலைப் பழைய நாட்களிலிருந்து எடுங்கள், தாக்குதல் நடக்கும் வாரத்திலிருந்து எடுக்காதீர்கள்.

நெல்லை சாருக்கு: ஒரு கணக்குக்கு ஒரு முயற்சி என்பது கற்பனை இல்லை. 2024 அக்டோபர் கடைசியில் மைக்ரோசாஃப்ட் ஒரு அறிக்கை போட்டது. CovertNetwork-1658 என்று அவர்கள் பெயர் வைத்த வலைப்பின்னல். வீட்டிலும் சின்ன அலுவலகத்திலும் இருக்கும் ரௌட்டர்களைக் கைப்பற்றிச் செய்தது, டிபி-லிங்க் ரௌட்டர்கள் அதில் பெரும்பகுதி. சுமார் 80 சதவீத நேரங்களில் ஒரு கணக்குக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு முயற்சிதான் செய்தது என்று அதில் எழுதியிருந்தார்கள். எந்த நேரத்திலும் சராசரியாக 8,000 சாதனங்கள் இயங்கின என்றும். அவ்வளவு ஐபி கையில் இருக்கும்போது ஒரே ஐபியை இரண்டாம் முறை பயன்படுத்த என்ன அவசியம்?

அதற்கு முன்னால் 2023 நவம்பர் கடைசியில் மைக்ரோசாஃப்டின் சொந்த நிறுவனத்துக்குள்ளேயே மிட்நைட் பிளிஸ்ஸார்டு என்ற தாக்குதல் குழு புகுந்ததும் இதே வழிதான். பழைய டெஸ்ட் டெனன்ட்டில் எம்எஃப்ஏ இல்லாத ஒரு கணக்கு. கொஞ்சம் கணக்குகளை மட்டும் தேர்ந்தெடுத்து, குறைந்த முயற்சிகளோடு, வீட்டு இணைப்புகள் வழியாகத் தட்டினார்கள். கண்டுபிடித்தது 2024 ஜனவரி 12.

---

கோவை லாக் | 16 ஜூலை, காலை 7.10

இரவு முழுக்க உங்கள் குறிப்பு மண்டையில் ஓடியது. நீங்கள் சொன்னது சரி. என் விஷயத்தில் ஒவ்வொரு முயற்சிக்கும் புது ஐபி என்பதால் அந்த ஓட்டை என்னைக் கடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மாற்றி எழுதினேன். இன்னொன்றும் மாற்றினேன். ஐபிக்குப் பதிலாக ஏஎஸ்என், அதாவது எந்த நிறுவனத்தின் இணைப்பு என்பதை வைத்தேன். நம் ஊரில் செல்போன் டேட்டாவில் வருகிறவருக்கு ஐபி மணிக்கொரு தரம் மாறும், ஆனால் ஜியோ ஜியோவாகத்தான் இருக்கும். ஐபியை வைத்துப் பார்த்தால் ரயிலில் போகிறவரெல்லாம் துணையில்லாத் தோல்வியாகத் தெரிகிறார்.

```
let known = SigninLogs
| where TimeGenerated between (ago(37d) .. ago(7d))
| where ResultType == "0"
| distinct UserId, AutonomousSystemNumber;
SigninLogs
| where TimeGenerated > ago(7d)
| where ResultType in ("50126", "50053")
| join kind=leftanti known on UserId, AutonomousSystemNumber
| summarize Tries=count(), Users=dcount(UserId),
    IPs=dcount(IPAddress)
    by bin(TimeGenerated, 6h), AppId, UserAgent
| where Users >= 10 and Tries <= Users * 2
```

அந்தக் கணக்கு முந்தைய ஒரு மாதத்தில் ஒருமுறைகூட வெற்றியோடு வந்திராத இணைப்பிலிருந்து வரும் தோல்வி மட்டும் மிஞ்சும். கடைசி வரியில் உள்ள பத்து என்பது எங்கள் 1,400 கணக்குக்கு. உங்கள் இடத்தில் அமைதியான ஒரு மாதத்தை எடுத்து ஓட்டிப் பார்த்து, அதிகபட்சமாக என்ன வருகிறதோ அதற்குக் கொஞ்சம் மேலே வையுங்கள்.

இதன் குறையும் சொல்லிவிடுகிறேன். தாக்குகிறவன் ஜியோ அல்லது ஏர்டெல் வீட்டு இணைப்பு ஒன்றின் வழியாக வந்து, அந்தக் கணக்குக்காரரும் அதே நிறுவனத்தின் இணைப்பில் இருந்தால், அந்த முயற்சி பட்டியலிலிருந்து விழுந்துவிடும். பழைய சம்பவத்தின் லாக்கை வைத்து ஓட்டிப் பார்த்தேன். மொத்தம் 1,310 முயற்சி, அதில் 160 இப்படி மறைந்தது. மீதி 1,150 தெரிந்தது. அலையைப் பார்க்க அது போதும். ஆனால் எந்தெந்தக் கணக்கு தட்டப்பட்டது என்ற முழுப் பட்டியலை இதிலிருந்து எடுக்கக்கூடாது. அலை இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதன் அடையாளத்தை வைத்துத் திரும்பத் தேட வேண்டும்.

---

நெல்லை அட்மின் | 16 ஜூலை, காலை 10.25

அடையாளம் என்றால் எது? ஐபி ஒவ்வொன்றும் வேறு என்கிறீர்கள்.

---

கோவை லாக் | 16 ஜூலை, இரவு 8.30

ஏழாவது நாள் எனக்கு எப்படித் தெரிந்தது என்பதிலிருந்து சொல்கிறேன், இதற்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

எங்களுக்கு ஒரு பொது மெயில்பாக்ஸ், கணக்குப் பிரிவுக்கு. அதற்குள் யாரும் நேரடியாகப் பாஸ்வேர்டு அடித்துப் போவதில்லை, அவரவர் கணக்கிலிருந்து திறப்பார்கள். அதன் பாஸ்வேர்டு யாருக்குமே தெரியாது. வேறு ஏதோ வேலையாக அந்தக் கணக்கின் சைன்-இன் பக்கத்தைத் திறந்தபோது ஒரே ஒரு 50126 கண்ணில் பட்டது, முந்தின நாள் அதிகாலை 3.07க்கு. யாரும் அடிக்காத பாஸ்வேர்டை யார் தப்பாக அடித்தது? இந்த ஒரு கேள்விதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

அந்த வரியில் ஐபியைத் தேடினேன், வேறு எங்கும் இல்லை. அப்புறம் AppId பார்த்தேன். 1b730954-1685-4b74-9bfd-dac224a7b894. அது ஆஜூர் ஆக்டிவ் டைரக்டரி பவர்ஷெல். எங்கள் இடத்தில் அதைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர், இரண்டு பேரும் ஐடி. அந்த ஆப்பை வைத்து ஏழு நாளைத் தேடினேன். ஆயிரத்தைத் தாண்டி வரிகள் வந்தன. தையல் பிரிவு மேற்பார்வையாளர், லாரி ஷெட் கிளார்க், கேன்டீன் பொறுப்பாளர், எல்லோரும் பவர்ஷெல்லில் ஆளுக்கு ஒருமுறை நுழைய முயன்றதாக லாக் சொன்னது. யூசர் ஏஜென்ட்டும் எல்லா வரியிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. நேர வரிசையில் அடுக்கினால் பெயர்கள் ஏ-யில் தொடங்கி எழுத்து வரிசையில் ஒழுங்காகப் போயின. அவன் பட்டியலை அகர வரிசையில் வைத்திருந்திருக்கிறான், கலைத்துப் போடக்கூட இல்லை.

அடையாளம் என்று நான் சொன்னது இதுதான். ஐபியை மாற்றுவது காசு கொடுத்தால் கிடைக்கிற சேவை. எந்த ஆப், எந்த யூசர் ஏஜென்ட், எந்த வரிசை, எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் அவன் கையில் இருக்கும் ஸ்கிரிப்டின் பழக்கம்.

---

இரவுப்பணி | 17 ஜூலை, அதிகாலை 2.35

யூசர் ஏஜென்ட்டை ரொம்ப நம்ப வேண்டாம். ஒவ்வொரு முயற்சிக்கும் வேறு யூசர் ஏஜென்ட் போடும் கருவிகள் உண்டு. அப்போது உங்கள் குவெரியில் AppId, UserAgent இரண்டாலும் பிரிப்பது அலையைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டும் பத்துக்குக் கீழே போய்விடும். பிரிக்காமல் மொத்தமாக ஒரு முறை, பிரித்து ஒரு முறை, இரண்டையும் ஓட்டுங்கள்.

50053 பற்றியும் சொல்ல வேண்டும். நிறையப் பேர் அதைக் கணக்கு பூட்டப்பட்டது என்று மட்டும் படிக்கிறார்கள். அதற்கு இரண்டு அர்த்தம். நிறையத் தவறு செய்ததால் பூட்டியது ஒன்று. தீய செயல் நடக்கும் ஐபி என்று மைக்ரோசாஃப்டுக்குத் தெரிந்த இடத்திலிருந்து வந்ததால் தடுத்தது இன்னொன்று. இப்போது ஒரு கணக்கை எடுங்கள், முன்னும் பின்னும் தோல்வியே இல்லை, ஒற்றை 50053 மட்டும் நிற்கிறது. ஒரு முயற்சியில் கணக்கு பூட்டிக்கொள்ளாது. அப்படியானால் அது இரண்டாவது வகைதான். உங்களுக்குத் தெரியாத ஒரு ஐபியைப் பற்றி மைக்ரோசாஃப்டே எழுதிக் கொடுத்த குறிப்பு அது. எந்தச் சந்தேகமும் இல்லாத அன்றாட லாக்கில் ஒற்றை 50053 மட்டும் தேடிப் பார்ப்பது என் பழக்கம்.

கடைசியாக ஒன்று. SigninLogs மட்டும் பார்த்தீர்களா, ஆள் நேரில் அடிக்காமல் ஆப் அவர் சார்பில் செய்யும் சைன்-இன் போய் விழும் AADNonInteractiveUserSignInLogs டேபிளும் பார்த்தீர்களா?

---

கோவை லாக் | 17 ஜூலை, காலை 6.50

அன்றைக்குப் பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் பார்த்தேன், அதற்குள் ஒன்றைத் தவறவிட்டிருந்தேன். அதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதுவதுதான் சரி. கொஞ்சம் நீளம், இரவு எழுதுகிறேன்.

---

மூணாவது மாடி | 17 ஜூலை, காலை 11.10

ஐடென்டிட்டி புரொடெக்ஷனில் பாஸ்வேர்டு ஸ்ப்ரே என்றே ஒரு ரிஸ்க் வகை இருக்கிறதே. பி2 லைசென்ஸ் வாங்கினால் அதுவே சொல்லிவிடும்.

---

இரவுப்பணி | 17 ஜூலை, மதியம் 2.00

இருக்கிறது, வாங்கக் காசு இருந்தால் வாங்குங்கள். ஆனால் அது எழுவது ஸ்ப்ரேயில் ஒரு கணக்கின் பாஸ்வேர்டு சரியாகப் பொருந்திய பிறகு. 1,300 கணக்கைத் தட்டிவிட்டு ஒன்றும் பொருந்தாமல் போனால் அது உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. அடுத்த வாரம் வேறு பாஸ்வேர்டோடு அவன் திரும்ப வருவான். பொருந்தாத அலையைப் பார்ப்பது நம் வேலைதான்.

---

கோவை லாக் | 17 ஜூலை, இரவு 10.15

காலையில் சொன்ன விஷயம்.

அலையைக் கண்டுபிடித்ததும் நான் செய்த முதல் தவறு, 50126 மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. தோல்விகளை எண்ணி, ஐபி பட்டியல் போட்டு, மேலிடத்துக்கு அறிக்கை எழுதினேன். வெற்றி ஏதாவது உண்டா என்று ResultType பூஜ்ஜியம் தேடினேன், இல்லை. யாரும் உள்ளே வரவில்லை என்று எழுதிவிட்டேன்.

அடுத்த நாள்தான் உறைத்தது. பாஸ்வேர்டு பொருந்தினால் லாக்கில் வெற்றி என்று வர வேண்டியதில்லை. எம்எஃப்ஏ நிறுத்தினால் 50076 வரும், பார்க்க அதுவும் தோல்வி மாதிரியே இருக்கும். அதனால் அதே அடையாளத்தை வைத்து எல்லா எண்ணையும் எடுக்க வேண்டும்.

```
SigninLogs
| where TimeGenerated > ago(14d)
| where AppId == "1b730954-1685-4b74-9bfd-dac224a7b894"
| summarize Tries=count(), Users=dcount(UserId) by ResultType
```

50126 நிறைய, 50053 கொஞ்சம், அப்புறம் 50076 ஒன்று, 53003 ஒன்று. கடைசி இரண்டும் பாஸ்வேர்டு பொருந்திய கணக்குகள். அதே பட்டியலில் 50055 வந்திருந்தால் அதையும் அப்படித்தான் எடுக்க வேண்டும், காலாவதியான பாஸ்வேர்டு ஆனால் சரியான பாஸ்வேர்டு. இரண்டு பேரையும் போனில் கூப்பிட்டு பாஸ்வேர்டை மாற்றி, செஷன்களை ரத்து செய்தேன். ஒருவருடைய பாஸ்வேர்டு நிறுவனத்தின் பெயரும் வருடமும். இன்னொருவருடையதும் கிட்டத்தட்ட அதேதான், நடுவில் ஒரு அட் குறி.

இரண்டு வாரம் கழித்து, இரவுப்பணி கேட்ட அந்த இன்னொரு டேபிளைத் திறந்தேன். அதே நாட்கள், அதே ஆப், மேலும் 130 வரிகள். அதில் ஒன்று 50079. அந்தக் கணக்குக்கு எம்எஃப்ஏ கட்டாயம், ஆனால் அவர் இன்னும் பதிவு செய்யவில்லை என்று அர்த்தம். மகப்பேறு விடுப்பில் இருந்தவர், நாங்கள் எம்எஃப்ஏ கொண்டுவந்த மாதம் அவர் வேலையில் இல்லை.

என் பார்வையில் 50076-ஐவிட 50079 பல மடங்கு மோசம். முன்னதில் கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு இருக்கிறது. பின்னதில் இரண்டாவது கதவுக்கான பூட்டையே வருகிறவன் கையில் கொடுக்கிறோம். பாஸ்வேர்டு தெரிந்தவன் பிரவுசரில் வந்து தன் போனைப் பதிவு செய்துகொண்டால் அதற்குப் பிறகு அவன்தான் அந்தக் கணக்கின் சொந்தக்காரன். AuditLogs-இல் "User registered security info" என்று தேடினேன். கை நடுங்கியது. அந்தக் கணக்குக்கு எதுவும் இல்லை. இரண்டு வாரம் அந்த வாசல் திறந்தே கிடந்திருக்கிறது.

அதனால் எங்கள் எண்ணிக்கையும் திருத்தம். மேலே 1,310 என்று எழுதியது ஒரு டேபிளில் மட்டும். இரண்டையும் சேர்த்தால் 1,440.

---

இரவுப்பணி | 18 ஜூலை, அதிகாலை 3.20

இதை எழுதியதற்கு நன்றி அண்ணா. அந்த டேபிளைப் பார்க்காமல் விடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. இடம் பிடிக்கும், காசு ஆகும் என்று அதைச் சென்டினலுக்கு அனுப்பாமலேயே விட்டிருப்பார்கள். 2025 பிப்ரவரியில் செக்யூரிட்டி ஸ்கோர்கார்டு வெளியிட்ட அறிக்கையின்படி 1,30,000-க்கும் மேற்பட்ட சாதனங்கள் கொண்ட ஒரு போட்நெட் சரியாக இந்த ஓட்டையைத்தான் பயன்படுத்தியது.

---

நெல்லை அட்மின் | 19 ஜூலை, மாலை 4.40

ஓட்டினேன். நேற்று ராத்திரி வரை முப்பது நாள். எங்களிடம் 600 கணக்கு. துணையில்லாத் தோல்வி தினமும் ஐந்து, ஆறு. ஒரே ஒரு நாள் 38. பயந்துபோய்த் திறந்து பார்த்தால், அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி, ஒரு ஹோட்டல் வைஃபையில். முதல் தடவை லாகின், எல்லோரும் தற்காலிகப் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்திருக்கிறார்கள். ஒரே ஏஎஸ்என், ஒரு மணி நேரம், அப்புறம் எல்லோரும் உள்ளே.

---

கோவை லாக் | 19 ஜூலை, இரவு 7.05

அழகான உதாரணம். இது தவறான அலர்ட் என்று உங்களுக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்தது எதனால் என்று பாருங்கள். எல்லோரும் புதியவர்கள், ஒரே இடம், அடுத்த சில நிமிடத்தில் வெற்றி. ஸ்ப்ரேயில் பழைய ஆட்கள், நூறு இடம், வெற்றியே இல்லை. IPs என்ற எண் Users-க்கு நெருக்கமாக இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

---

நெல்லை அட்மின் | 20 ஜூலை, காலை 9.50

இன்னும் ஒரு கேள்வி. அவன் மணிக்கு ஆறு என்று வந்ததால் பிடித்தீர்கள். ஒரு நாளைக்கு நான்கு மட்டும் தட்டினால்? எங்கள் ஐந்து, ஆறுக்குள் அது கரைந்துவிடும்.

---

கோவை லாக் | 20 ஜூலை, மாலை 6.15

கரைந்துவிடும். அந்த வேகத்துக்கு இந்த எண்ணிக்கை முறை தோற்றுவிடும். எனக்குத் தெரிந்த ஒரே வழி அந்தப் பொது மெயில்பாக்ஸ் கற்றுக்கொடுத்த வழி. யாரும் பாஸ்வேர்டு அடிக்காத கணக்கில் ஒரு தோல்வி வந்தாலே அது செய்தி. அங்கே இரைச்சல் பூஜ்ஜியம்.

அதனால் இப்போது இருபது பொறிக் கணக்குகள் வைத்திருக்கிறேன். உண்மையான பெயர் மாதிரியே, நீளமான தாறுமாறான பாஸ்வேர்டோடு, எந்த உரிமையும் இல்லாமல். கணக்கு எளிது. 1,420-இல் 20 என்றால் 71 முயற்சிக்கு ஒன்று பொறியில் விழும். நாளைக்குப் பத்து தட்டினால் சராசரியாக ஒரு வாரத்தில் தெரியும். நாளைக்கு நான்கு என்றால் பதினெட்டு நாள்.

---

இரவுப்பணி | 20 ஜூலை, இரவு 11.30

அந்த 71 என்பது உங்கள் பொறிகள் அவன் பட்டியலில் இருந்தால் மட்டும். அவன் பட்டியலை எங்கிருந்து எடுக்கிறான்? நிறுவனத்தின் இணையதளம், வேலை தேடும் தளங்கள், பழைய கசிவுகள். நேற்று உருவாக்கிய கணக்கு கசிவில் இருக்காது. இணையதளத்தில் தொடர்புப் பக்கத்தில் இரண்டு பெயரையாவது போடுங்கள். மிட்நைட் பிளிஸ்ஸார்டு போலக் கொஞ்சம் கணக்குகளை மட்டும் தேர்ந்தெடுத்துத் தட்டுகிறவன் பொறியைத் தொடாமலே போகலாம். அதற்கு என்னிடமும் விடை இல்லை.

---

பள்ளி ஐடி | 21 ஜூலை, காலை 10.05

எங்களிடம் சென்டினல் இல்லை, போர்ட்டல் மட்டும்தான். இலவச லைசென்ஸில் ஏழு நாள் லாக்தான் தெரிகிறது. எங்களால் எதுவும் முடியாதா?

---

கோவை லாக் | 21 ஜூலை, மதியம் 12.40

முடியும். வாரம் ஒருமுறை, திங்கட்கிழமை காலை, சைன்-இன் லாக்கை சிஎஸ்வியாக இறக்குங்கள். இன்டராக்டிவ் ஒன்று, நான்-இன்டராக்டிவ் ஒன்று. எக்செல்லில் 50126-ஐ வடிகட்டி நேர வரிசையில் அடுக்கி, இந்திய நேரப்படி இரவு 12 முதல் 5 வரை உள்ளதை மட்டும் கண்ணால் பாருங்கள். ஒரு பள்ளியில் அந்த நேரத்தில் எத்தனை ஆசிரியர் பாஸ்வேர்டைத் தப்பாக அடிப்பார்கள்? பத்து வெவ்வேறு பெயர், பத்து வெவ்வேறு ஊர் என்று தெரிந்தால் இங்கே வந்து எழுதுங்கள்.

---

கோவை லாக் | 9 ஆகஸ்ட், காலை 8.20

பொறியில் ஒன்று விழுந்தது. வியாழக்கிழமை அதிகாலை 4.26. தொடர்புப் பக்கத்தில் போட்ட இரண்டு பெயர்களில் ஒன்று, 50126, நான்-இன்டராக்டிவ் டேபிளில். வேறு ஆப், வேறு யூசர் ஏஜென்ட். எண்ணிக்கை ரூல் வாய் திறக்கவே இல்லை. அந்த அடையாளத்தை வைத்துப் பின்னோக்கித் தேடினேன். ஆறு நாளில் 41 கணக்கு, நாளைக்கு ஏழு. 41 பேரும் இணையதளத்தில் பெயர் உள்ளவர்கள். எல்லா ResultType-உம் எடுத்துப் பார்த்தேன், 50126 தவிர வேறு எதுவும் இல்லை, பாஸ்வேர்டு ஒன்றும் பொருந்தவில்லை.

இரவுப்பணி சொன்னது போலப் பெயரை அந்தப் பக்கத்தில் போட்டிராவிட்டால் இது எனக்குத் தெரிந்திருக்காது. மீதி பதினெட்டுப் பொறியையும் எந்தப் பக்கத்தில் எப்படிப் போடுவது என்று மனிதவளப் பிரிவோடு பேசிக்கொண்டிருக்கிறேன், இல்லாத ஆளின் பெயரை இணையதளத்தில் போட அவர்கள் இன்னும் சம்மதிக்கவில்லை.